பெட்டிக்கு நான்கு எண், குறிக்கு இரண்டு

பள்ளிக்கூடங்களின் இணையதளங்களில் ‘தொடர்புக்கு’ என்ற பக்கத்தைத் திறந்தால் கதவு எண், தெருப் பெயர், பின்கோடு, தொலைபேசி எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கீழே ஒரு வரைபடமும் இருக்கும். பல இடங்களில் அது யாரோ தங்கள் கணினித் திரையைப் படம் பிடித்து ஒட்டிய வெறும் படம். வெளியூரிலிருந்து பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அதைக் கைப்பேசியில் விரித்துப் பார்க்க முயன்றால் எழுத்துகள் மங்கிப்போகும். பக்கத்துத் தெரு என்ன, பேருந்து நிறுத்தம் எங்கே என்று நகர்த்திப் பார்க்கவும் முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் போட்ட மேம்பாலம் அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது.

நகர்த்தவும் பெரிதாக்கவும் கூடிய உயிருள்ள வரைபடத்தை, நடுவில் ஒரு குறியோடு, அதே இடத்தில் வைக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதும் இல்லை. ஐந்தாறு வரி போதும். ஆனால் அந்த வரிகளை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுபவர்கள், அது வேலை செய்யாமல் போகும்போது எங்கே பிழை என்று தெரியாமல் திணறுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆறு எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அந்தத் திணறல் பெருமளவு குறையும்.

இதைச் செய்து தருவது ஐஃப்ரேம் என்ற பகுதி. ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு வலைப்பக்கத்தைக் காட்டும் ஜன்னல் என்று அதைச் சொல்லலாம். 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 தரத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், கூகுள் மேப்ஸ் தன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இப்படித் தங்கள் பக்கத்தில் பதித்துக்கொள்ள வழி செய்தது. வரைபடத்தைப் பள்ளியின் சர்வர் தருவதில்லை. பார்ப்பவரின் பிரவுசரே நேராக வரைபட நிறுவனத்திடம் போய் வாங்கி வருகிறது. பள்ளியின் பக்கம் தருவதெல்லாம் இடமும் அளவும் ஒரு முகவரியும்தான். சாலைகள் மாறும்போது வரைபடம் தானாகவே புதிதாவது இதனால்தான். உள்ளே இருக்கும் எழுத்தின் நிறத்தையோ குறியின் வடிவத்தையோ பள்ளியால் மாற்ற முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே.

கூகுளின் வரைபடத்தைப் பதிக்கும் வரியில் `pb=` என்று தொடங்கி நீளமான ஒரு சரம் இருக்கும். அதைக் கண்ணால் படித்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. அதனால் இங்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வளர்க்கிறார்கள். பதிப்பதற்குக் கணக்கோ அனுமதிச் சாவியோ கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முகவரி வெளிப்படையாகப் படிக்கக்கூடியது.

தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். உண்மைக் கடை ஒன்றின் இடத்தை அச்சில் போடுவதற்குப் பதில், எல்லோருக்கும் தெரிந்த பெரிய கோயிலின் விமானத்தையே கடை இருக்கும் இடமாகக் கொள்ளலாம். அதன் அட்சரேகை 10.7828, தீர்க்கரேகை 79.1318. கூகுள் மேப்ஸைக் கணினியில் திறந்து, வேண்டிய இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் மேலே இந்த இரண்டு எண்கள் தெரியும். அவற்றின் மேல் சொடுக்கினால் நகலாகிவிடும். அங்கே முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடையின் பக்கத்தில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்:

```html
<iframe
  title="கடை இருக்கும் இடம்: வரைபடம்"
  width="100%" height="320"
  style="border:0" loading="lazy"
  src="https://www.openstreetmap.org/export/embed.html?bbox=79.1268,10.7778,79.1368,10.7878&amp;layer=mapnik&amp;marker=10.7828,79.1318">
</iframe>
```

இதில் `src` என்பதற்குப் பின்னால் வரும் முகவரியில்தான் விஷயம் எல்லாம். `marker` என்ற சொல்லுக்குப் பின் இருக்கும் இரண்டு எண்கள் குறி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கின்றன. `bbox` என்பதற்குப் பின் இருக்கும் நான்கு எண்கள், வரைபடத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதற்கான பெட்டி. மேற்கு விளிம்பு, தெற்கு விளிம்பு, கிழக்கு விளிம்பு, வடக்கு விளிம்பு என்பது அவற்றின் வரிசை. `layer=mapnik` என்பது வழக்கமான தோற்றத்தில் வரைபடத்தைக் காட்டச் சொல்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை.

பெட்டியின் எண்கள் எங்கிருந்து வந்தன? குறியின் இரண்டு எண்களோடு 0.005ஐக் கூட்டியும் கழித்தும் வந்தவை. 79.1318இலிருந்து 0.005 போனால் 79.1268, அது மேற்கு. கூட்டினால் 79.1368, அது கிழக்கு. 10.7828க்கும் அப்படியே செய்தால் தெற்கும் வடக்கும் கிடைத்துவிடும். தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே கணக்கு எளிது. ஒரு டிகிரி என்பது எந்தத் திசையில் போனாலும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அப்படியானால் 0.001 டிகிரி 110 மீட்டர். நான்காவது தசம இலக்கத்தில் ஒன்று கூடினால் 11 மீட்டர், ஐந்தாவதில் ஒரு மீட்டர் சொச்சம். நம் பெட்டியின் பக்கம் 0.01 டிகிரி, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐந்து தசம இலக்கங்களுக்கு மேல் எழுதுவதில் ஒரு கடைக்கோ பள்ளிக்கோ எந்தப் பயனும் இல்லை.

இப்போது அந்த வரியை மறுபடி பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். குறியில் அட்சரேகை முதலில் வருகிறது. பெட்டியில் தீர்க்கரேகை முதலில் வருகிறது. ஒரே முகவரிக்குள் இரண்டு வழக்கங்கள். புவியியல் பாடத்தில் அட்சரேகையை முதலில் சொல்வது பழக்கம். கணிதத்தில் கிடைமட்ட அளவை முதலிலும் செங்குத்து அளவை அடுத்தும் சொல்வது பழக்கம். இரண்டும் இங்கே அருகருகே வந்து உட்கார்ந்திருக்கின்றன. எண்களைக் கையால் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தடுமாறினால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூர் எண்களை வைத்தே பார்க்கலாம். 79.1318ஐ அட்சரேகையாகவும் 10.7828ஐத் தீர்க்கரேகையாகவும் எடுத்துக்கொண்டால் அந்தப் புள்ளி வட துருவத்தை நோக்கி எங்கோ போய்விடுகிறது. நார்வேயின் ஆளுகையில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரைக்கு அருகே, ஆர்க்டிக் கடலில். தஞ்சைக்கு மட்டும் நேர்வதல்ல இது. தமிழ்நாட்டின் ஊர்கள் அட்சரேகையில் 8க்கும் 13.6க்கும் இடையிலும், தீர்க்கரேகையில் 76க்கும் 80க்கும் சற்று மேலும் அமைந்திருப்பதால், எந்த ஊரின் எண்களைத் தலைகீழாகப் போட்டாலும் அந்தக் குளிர்ந்த வட்டாரத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஆனால் திரையில் தெரிவது எப்போதும் ஒன்றுபோல் இருக்காது. இதைக் கவனித்தால் பிழை எங்கே என்று உடனே சொல்லிவிடலாம். வரைபடத்தில் தஞ்சாவூர் சரியாகத் தெரிகிறது, குறியை மட்டும் காணோம் என்றால், பெட்டி சரி; குறியின் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. குறி ஆர்க்டிக்கில் நிற்கிறது, ஜன்னல் தஞ்சையைக் காட்டுகிறது. மாறாக, சட்டம் முழுவதும் ஒரே நீல நிறம், குறியும் இல்லை என்றால், மாறியது பெட்டியின் எண்கள். நீலத்துக்கு நடுவில் குறி மட்டும் தனியாக நின்றால் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கும் சிறிதாக்கும் பட்டன்களில் சிறிதாக்குவதைப் பல முறை அழுத்திப் பார்த்தால், பனித்தீவுகள் எட்டிப் பார்க்கும்போது சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொரு பிழை கொஞ்சம் நயமானது. அதனாலேயே ஆபத்தானது. பழைய ஆவணங்களிலும் சில கைப்பேசிச் செயலிகளிலும் இடத்தை டிகிரி, நிமிடம், விநாடி என்று குறித்திருப்பார்கள். பெரிய கோயிலின் அட்சரேகை அப்படி எழுதினால் 10 டிகிரி 46 நிமிடம் 58 விநாடி. இதைப் பார்த்துவிட்டு 10.4658 என்று எழுதிவிடுவது சுலபம். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால்தான் 10.7828 வரும். அப்படி வகுக்காமல் எழுதிய எண் குறியைத் தெற்கே 35 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடும். அந்த எண்ணை வைத்தே பெட்டியையும் கணக்கிட்டிருந்தால் வரைபடம் அழகாகத் தெரியும், குறியும் நடுவில் நிற்கும். சாலைகளும் ஊர்களும் இருப்பதால் பக்கத்தைத் தயாரித்தவருக்குச் சந்தேகமே வராது. தெருப் பெயரைப் படித்துப் பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர்தான் கண்டுபிடிப்பார். அதனால் பக்கத்தை வெளியிடுமுன், அந்தத் தெருவில் தினமும் நடக்கிற ஒருவரிடம் காட்டுவது அவசியம்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வரைபடம் பயன்படாமல் போகலாம். குறி எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்காததே அதற்குக் காரணம். பெரிய கோயிலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமானம் வளாகத்தின் மேற்குப் பாதியில் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் கிழக்குப் பக்கம் வந்து, கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் என்று இரண்டு கோபுரங்களைக் கடக்க வேண்டும். முதல் வாயிலுக்கும் விமானத்துக்கும் இடையே இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. குறியை விமானத்தில் வைத்தால், வரைபடத்தை நம்பி வரும் ஆட்டோ மேற்குச் சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றுவிடக்கூடும். பெரிய விளையாட்டு மைதானத்தோடு இருக்கும் பள்ளிகளுக்கும் இதே கதைதான். வளாகத்தின் நடுப்புள்ளி மைதானத்தில் விழும். பள்ளியின் வாசலோ பின்பக்கத் தெருவில் இருக்கும்.

ஆகவே குறி நிற்க வேண்டியது வாசலில். நம் எடுத்துக்காட்டில் கிழக்கே ஏறத்தாழ 0.002 டிகிரி நகர்த்தினால் வாயில் பக்கம் வந்துவிடும்: `marker=10.7828,79.1338`. பெட்டியின் எண்களை மாற்ற வேண்டியதில்லை. குறியும் பெட்டியும் தனித்தனி என்பதால், குறியை ஓரமாக வைத்துவிட்டு, வருகிறவர்களுக்குத் தெரிந்த பேருந்து நிலையமோ ரயில் நிலையமோ அதே சட்டத்தில் விழும்படி பெட்டியை ஒரு பக்கமாக நீட்டவும் செய்யலாம். குறி நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வழி தெரியாதவருக்குக் கடையைச் சுற்றியுள்ள நான்கு சந்துகளைவிட, தான் இறங்கும் இடத்திலிருந்து கடை எந்தத் திசையில் என்பதே முக்கியம்.

பெட்டியை நீட்டவும் சுருக்கவும் தொடங்கியவர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்கள். 0.005க்குப் பதில் 0.004 என்று வைத்துப் பெட்டியைச் சிறிதாக்கினால், வரைபடம் சற்றே பெரிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? மேலே உள்ள 320 உயரச் சட்டத்தில் ஒன்றுமே மாறாது. 0.003 என்று வைத்தால் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். இந்த வரைபடம் படிப்படியாகத்தான் பெரிதாகிறது. ஒவ்வொரு படிக்கும் அளவு இரட்டிக்கும். கேட்ட பெட்டி முழுவதும் சட்டத்துக்குள் அடங்கும்படியான மிகப் பெரிய படியை அது தேர்ந்தெடுக்கிறது. 0.005க்கும் 0.004க்கும் பொருந்துவது பதினைந்தாம் படி, 0.003 வைக்கும்போதுதான் பதினாறாம் படி அந்த உயரத்துக்குள் அடங்குகிறது. கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலான பகுதி ஓரங்களில் தெரிவதும் இதனால்தான். தெருப் பெயர்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் 0.003ஐ முயன்று பார்ப்பது நல்லது.

எண்களைக் கையால் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளமே வரியைத் தயாரித்துக் கொடுக்கும். வலப்பக்கம் உள்ள பகிர்வுப் பட்டனை அழுத்தி, குறியைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் செய்து, குறியை இழுத்து வாசலில் விட்டு, `HTML` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்படிக் கிடைக்கும் வரியில் காற்புள்ளிக்குப் பதில் `%2C` என்று இருக்கும். அது காற்புள்ளியின் மாற்று எழுத்துதான், பிழையில்லை. ஆனால் அகலம் 425 என்று இறுக்கமாக இருக்கும். சிறிய கைப்பேசித் திரையின் அகலம் 360தான் என்பதால் வரைபடம் வெளியே துருத்தி நிற்கும். அதை `100%` என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

உயரத்தைக் கூட்டும் ஆசையை அடக்குவது நல்லது. கைப்பேசியில் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டு வரும் விரல் வரைபடத்தின் மேல் பட்டால், பக்கம் நகராமல் வரைபடம் நகரத் தொடங்கும். சட்டம் திரை முழுவதையும் அடைத்தால் கீழே போகவே வழியிருக்காது. தொலைபேசி எண் வரைபடத்துக்குக் கீழே இருந்தால் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். 300, 320 அளவில் இருந்தால் மேலும் கீழும் விரல் வைக்க இடம் கிடைக்கும்.

கூகுள் வரைபடத்தையே பதிக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. கடையின் பெயர் குறிக்குப் பக்கத்திலேயே தெரியும், வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தோற்றம் பழகியிருக்கும். கடையைத் தேடி எடுத்து, `Share` என்பதை அழுத்தி, அதில் `Embed a map` என்ற பகுதிக்குப் போய் `COPY HTML` என்பதைச் சொடுக்கினால் முழு வரியும் கிடைக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இந்த வழியில் போகாமல் பிரவுசரின் மேல்பட்டையில் இருக்கும் முகவரியை எடுத்து `src` இல் ஒட்டிவிடுவது. அப்போது சட்டத்துக்குள் `www.google.com refused to connect` என்ற செய்தி வரும். இணைய இணைப்பில் கோளாறு என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கோளாறு அதுவல்ல. தன் சாதாரணப் பக்கங்களை வேறு தளங்களின் சட்டத்துக்குள் காட்டக் கூடாது என்று கூகுளே பிரவுசருக்குச் சொல்லி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத சட்டத்தில் ஒரு பக்கத்தை மறைத்து வைத்து, பார்ப்பவரை ஏமாற்றிச் சொடுக்க வைக்கும் மோசடிக்கு எதிரான தடுப்பு அது. பதிப்பதற்கென்றே தயாரித்த முகவரிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. `/maps/embed` என்ற சொற்கள் முகவரியில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

கூகுள் வழியில் குறி எங்கே நிற்கும் என்பதைக் கூகுளின் பட்டியலே முடிவு செய்கிறது. அங்கே கடை தவறான தெருவில் பதிவாகியிருந்தால் பதித்த வரைபடத்திலும் தவறாகவே நிற்கும். வரியை எத்தனை முறை நகலெடுத்தாலும் சரியாகாது. பட்டியலில் போய் இடத்தைத் திருத்த வேண்டும்.

எண்களும் முகவரியும் சரி, ஆனாலும் வரைபடம் வரவில்லை என்றால் ஒட்டிய விதத்தில் சிக்கல் இருக்கலாம். இந்த வரி பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலோ வேர்ட் கோப்பிலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. வேர்ட் போன்ற மென்பொருள்கள் நேரான மேற்கோள்குறிகளை வளைந்த மேற்கோள்குறிகளாகத் தாமே மாற்றிவிடுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் பிரவுசருக்கு வளைந்த குறி வெறும் எழுத்து. அது முகவரியின் முதல் எழுத்தாகச் சேர்ந்துவிடுவதால், முழு முகவரியையும் பள்ளியின் சொந்தத் தளத்தில் உள்ள ஏதோ பக்கம் என்று எடுத்துக்கொண்டு பிரவுசர் அங்கே தேடும். விளைவு, வரைபடம் வர வேண்டிய சட்டத்துக்குள் பள்ளியின் தளமே ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்போடு குட்டியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், மேற்கோள்குறிகளை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி அடிக்க வேண்டும்.

வேறொரு அடையாளம்: வரைபடம் சரியாக வருகிறது, அதற்குக் கீழே இருந்த தொலைபேசி எண், பள்ளி நேரம் எல்லாம் மாயமாகிவிட்டன. இது கடைசியில் இருக்கும் `</iframe>` விடுபட்டதால் வருவது. முடியும் இடம் தெரியாததால், பின்னால் வரும் எல்லாவற்றையும் சட்டத்துக்கு உட்பட்டதாகக் கருதிப் பிரவுசர் மறைத்துவிடுகிறது. வேர்ட்பிரஸ் தளங்களில் இன்னொன்றும் நடக்கும். ஆசிரியர் ஒருவர் தன் கணக்கில் நுழைந்து வரியை ஒட்டிச் சேமிப்பார்; சேமித்ததும் ஐஃப்ரேம் வரி முழுவதும் காணாமல் போயிருக்கும். நிர்வாகி, தொகுப்பாளர் நிலையில் இல்லாத கணக்குகள் ஐஃப்ரேம் சேர்ப்பதை வேர்ட்பிரஸ் பாதுகாப்புக்காக அனுமதிப்பதில்லை. நிர்வாகியின் கணக்கிலிருந்து `Custom HTML` பகுதியில் ஒட்டினால் நிற்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சட்டத்தால் முடியாதவையும் உண்டு. குறிக்கு மேல் பெயர் எழுத முடியாது. வழி சொல்லாது. இரண்டாவதற்கு எளிய மாற்று இருக்கிறது. வரைபடத்துக்குக் கீழே ஒரு இணைப்பு வைத்தால், அதைத் தொட்டவுடன் பார்ப்பவரின் கைப்பேசியில் கூகுள் மேப்ஸ் திறந்து, அவர் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை வழி காட்டும்:

```html
<a href="https://www.google.com/maps/dir/?api=1&amp;destination=10.7828,79.1338">கடைக்கு வழி காட்டு</a>
```

இங்கேயும் அட்சரேகைதான் முதலில். சட்டம் ஒன்றிடமிருந்து, வழி இன்னொன்றிடமிருந்து. இரண்டையும் சேர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை.

பார்வையற்ற பெற்றோர் திரைவாசிப்பான் வழியாகப் பக்கத்தைக் கேட்கும்போது, ஐஃப்ரேமுக்குள் இருக்கும் படம் அவர்களுக்கு எதையும் சொல்லாது. `title` என்ற இடத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களைத்தான் வாசிப்பான் படிக்கும். அது இல்லாவிட்டால் வெறுமனே ஒரு சட்டம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். முகவரியும், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்ற இரண்டு வாக்கியமும் எழுத்தாகவே பக்கத்தில் இருக்க வேண்டும். சிக்னல் பலவீனமான ஊர்களில் வரைபடம் வந்து சேராதபோது எல்லோருக்கும் உதவுவது அந்த எழுத்துதான். `loading="lazy"` என்பதும் சிக்னலை மனதில் வைத்துச் சேர்த்ததே: பார்ப்பவர் வரைபடத்தின் அருகே நகர்ந்து வரும்வரை அதை இறக்கிக்கொள்ள வேண்டாம் என்று பிரவுசரிடம் சொல்கிறது.

சட்டத்தில் குறி வைத்துவிட்டதால் பள்ளி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம்பெற்றுவிட்டது என்று எண்ணக் கூடாது. அந்தக் குறி அந்த ஒரு பக்கத்தில் மட்டும் தெரியும். உலக வரைபடத்திலேயே பள்ளியின் பெயர் வர வேண்டும் என்றால் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, `Edit` வழியாகக் கட்டடத்தை வரைந்து பெயரைச் சேர்க்க வேண்டும். அதன்பின் சட்டத்துக்குள்ளும் அந்தப் பெயர் தானாகவே வரும், பெயர் எழுத முடியாத குறையும் ஓரளவு தீரும்.

ஒரே சட்டத்தில் இந்த முறையில் ஒரு குறிதான் வைக்க முடியும். இரண்டு கிளைகள் உள்ள கடை இரண்டு சட்டங்கள் வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பேருந்து நிற்கும் பதினைந்து இடங்களையும் காட்ட வேண்டிய பள்ளிக்கு அது ஒத்துவராது. அவர்களுக்கு யூமேப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் வேண்டிய அளவு குறிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தத்தின் பெயரையும் பேருந்து வரும் நேரத்தையும் தமிழிலேயே எழுதலாம். முடித்ததும் அதுவும் ஒரு ஐஃப்ரேம் வரியைத்தான் கொடுக்கும். அதைப் பக்கத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டால், அடுத்த ஆண்டு நிறுத்தம் மாறும்போது பள்ளியின் பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. யூமேப்பில் குறியை இழுத்து வைத்துச் சேமித்தால் போதும்.